யாரும் என் நிறத்தைப் பார்க்கவில்லை

மாண்ட்ரியலுக்கு வந்த புதிதில் ஊருக்கு எழுதிய கடிதங்களில் நான் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பீற்றிக்கொண்டேன். இங்கே யாரும் நீ என்ன சாதி என்று கேட்பதில்லை, மார்க்கைப் பார்க்கிறார்கள், வேலையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அப்பா அந்தக் கடிதங்களை அக்கம்பக்கத்தில் எல்லாம் படித்துக் காட்டினாராம். அவருக்குத் தேவையாக இருந்தது. அண்ணனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்காமல் போன வருஷம் எங்கள் வீடு எழவு வீடு மாதிரி இருந்தது. வகுப்புவாரி ஒதுக்கீட்டில் போய்விட்டது என்று அப்பா சொன்னார். அதற்குப் பிறகு தகுதி என்ற சொல் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு நடந்ததில்லை.

நாங்கள் சாதி பார்க்கிறவர்கள் இல்லை என்று எல்லோரும் மனதார நம்பினோம். கக்கூஸ் கழுவ வந்த பெண் கொல்லைச் சந்து வழியாக வந்து கொல்லைச் சந்து வழியாகவே போவாள். அவள் பெயரை நாங்கள் கேட்டதில்லை. அதை நாங்கள் சாதி பார்ப்பது என்று நினைக்கவில்லை. சர்க்கார் விண்ணப்பத்தில் சாதி எழுதச் சொன்னால்தான் எங்களுக்குக் கோபம் வரும்.

அறுபதுகளின் கடைசியில் என் கணவருக்கு இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ஆள் தேவை என்று தெரிந்து போனேன். ரத்தத்தில் சர்க்கரை, யூரியா, சோடியம், பொட்டாசியம் பார்க்கிற இடம். கூடவே என் கணவரும் வந்தார். நேர்முகத்துக்குக் கணவனைக் கூட்டிக்கொண்டு போனவள் அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மேற்பார்வையாளர் ஒரு ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி. என் சான்றிதழ்களைப் பார்த்துத் திருப்திப்பட்டார். புதிதாக வருகிறவர்கள் மாலை நான்கு மணி முதல் நடுநிசி வரை வேலை பார்க்க வேண்டும், பகலில் இடம் காலியானால் மாறிக்கொள்ளலாம் என்றார். உடனே என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி குடும்பப் பெண்கள் இரவில் தனியாக வெளியே போவதில்லை என்று சொன்னார்.

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. என் சொந்தச் சித்தி சென்னை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக ராத்திரி டியூட்டி பார்த்தவள். ஆனால் நான் பட்டுப்புடவையும் பொட்டுமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மாளின் மாமா யாரோ நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவராம். இந்தியப் பெண்களைப் பற்றி எனக்குத் தெரியும், உங்களை அப்படிக் கஷ்டப்படுத்த முடியுமா என்றார். பகலில் ஓர் இடம் இருக்கிறது, ஒருத்தி கேட்டு வைத்திருக்கிறாள், ஆனால் அவள் மாலை வேலைக்குப் பழகிவிட்டாள், அவர்கள் எல்லாம் திடமானவர்கள் என்றும் சொன்னார். அவர்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. நன்றி சொன்னேன். வெளியே வந்ததும் கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

கேட்டு வைத்திருந்தவளை முதல் நாளே பார்த்தேன். நாலு மணிக்கு நான் கிளம்பும்போது அவள் உள்ளே வந்தாள். கறுப்பினப் பெண், பார்படோஸ் தீவுக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். வீட்டு வேலைக்கு என்று கனடா கொண்டுவந்த பெண்களில் ஒருத்தியாக வந்து, யாரோ ஒரு பணக்காரர் வீட்டில் குழந்தை வளர்த்துக்கொண்டே படித்து, பரிசோதனைக்கூடத் தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தவள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. புருஷன் இல்லை. மாலை வேளைகளில் குழந்தை பக்கத்து வீட்டில் தூங்கும். நள்ளிரவில் பஸ் பிடித்துப் போய் அதைத் தூக்கிக்கொண்டு பனியில் மாடிப்படி ஏற வேண்டும். இதெல்லாம் அவளாகச் சொன்னது. குறையாகச் சொல்லவில்லை, என் குளிர்கால பூட்ஸைப் பார்த்து, இது இந்த ஊர் மாடிப்படிக்கு ஆகாது என்று சொல்லும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அந்தப் பூட்ஸை அவளோடு போய்த்தான் மாற்றி வாங்கினேன். நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். அப்போது இருவரும் கோட்-டே-நெஜ் பக்கம் குடியிருந்தோம். சனிக்கிழமைகளில் அவள் மகள் என் வீட்டில் தோசை சாப்பிடும். அவளுடைய பகல் வேலையை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைத் தொட்டதில்லை.

பகல் வேலையில் ஒரு விஷயம் இருந்தது. மேற்பார்வையாளர் விடுமுறையில் போனாலோ கூட்டத்துக்குப் போனாலோ, எங்களில் ஒருவரைப் பொறுப்பில் வைப்பார். பொறுப்பில் இருப்பவள் முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவாள், வார்டு டாக்டர்களின் டெலிபோனுக்குப் பதில் சொல்வாள். நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அந்தப் பொறுப்பு அடிக்கடி எனக்கு வந்தது. என் ஆங்கிலம் தெளிவாக இருக்கிறது, டாக்டர்களுக்கு என் குரல் பிடிக்கிறது என்றார் அந்த அம்மாள். நான் அதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்கு எழுதவும் எழுதினேன்.

மாலையில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான், பெரும்பாலும் என் சிநேகிதி. ஆள் பிழைப்பானா மாட்டானா என்று இருக்கும்போது வரும் ரத்தத்தை அவள்தான் பார்ப்பாள், பொட்டாசியம் ஏறிவிட்டது என்று அவள்தான் டாக்டரை எழுப்பிச் சொல்வாள், கருவி கெட்டுப்போனால் அவளே திறந்து சரிசெய்வாள். ஆனால் தனியாக இருப்பவளைப் பொறுப்பில் வைத்தார்கள் என்று சொல்ல முடியாதாம். யாருக்குமேல் பொறுப்பு என்று கேட்பார்கள். அதனால் அவளுடைய மாலைகள் எதுவுமே பொறுப்பில் சேர்த்தி இல்லை.

மூத்த பணியாளர் இடம் இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் அவளுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெண்களுக்கே போனது. யாரும் எதுவும் எழுதிப் போடவில்லை. மேற்பார்வையாளர் மனதில் ஒருத்தி தோன்றினாள், கூப்பிட்டுச் சொன்னார், முடிந்தது. எழுபதுகளின் நடுவில் அந்த அம்மாள் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்துக்குக் கிளம்பியபோது அவருடைய இடமே காலியானது. என் சிநேகிதி இந்த முறை பேசாமல் இருக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தின் தலைமை டாக்டரிடம் நேரே போய், இதுவரை ஆள் எடுத்த முறை என்ன, நான் ஏன் அதில் ஒருமுறைகூட வரவில்லை என்று கேட்டாள்.

அந்த டாக்டர் யூதர். வயதானவர், அந்தக் கேள்வியால் உண்மையாகவே கலங்கிப்போனார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் மருத்துவம் படிக்கப் போன காலத்தில் விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அவருடைய ஆட்களுக்கு மட்டும் கூடுதல் மதிப்பெண் வேண்டும், அதற்குமேல் இத்தனை பேர்தான் என்று ஒரு கணக்கும் உண்டாம். அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டால், சும்மா தகவலுக்கு என்பார்களாம். "தகவல் என்று கேட்பதை யாரும் சும்மா கேட்பதில்லை. என் கையில் அதிகாரம் வந்ததும் முதல் வேலையாக விண்ணப்பத்திலிருந்து புகைப்படத்தை எடுத்தேன். ஆனாலும் இந்தப் பெண் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ வெளியிலிருந்து வந்தவள். உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?" என்றார்.

எனக்குத் தோன்றியது. சென்னையில் பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளில் பெயர் எழுத மாட்டோம், பதிவு எண்தான் என்று சொன்னேன். திருத்துகிறவருக்கு எழுதியவன் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று எதுவும் தெரியாது. அதேபோல் இங்கேயும் பெயரை மறைத்து எண் கொடுங்கள். எழுத்துத் தேர்வு வையுங்கள், சேவைக்கு இவ்வளவு, பொறுப்பு அனுபவத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டிப் பார்த்து எந்த எண் மேலே வருகிறதோ அதற்கே வேலை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் மெட்ராஸின் தூதராக அவருக்கு நாகரிகம் சொல்லிக் கொடுத்த பெருமையில் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் அதே சென்னையில் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார் என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. என்னிடம் அவர், அப்பா எங்கே வேலை பார்க்கிறார், மயிலாப்பூரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருப் பெயரைச் சொன்னதும் முகம் இளகியது. அதற்குப் பிறகு கேள்விகள் சுலபமாக இருந்தன. எனக்கு முன்னால் போன பெண் அழுதுகொண்டு வெளியே வந்ததை நான் பார்த்தேன். எண் எதை மறைக்கும், எதை மறைக்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது. அதை மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் வந்தேன்.

என் சிநேகிதிக்கு இந்த யோசனை முதலில் பிடித்தது. "எழுத்துத் தேர்வாவது நேர்மையாக இருக்கும். என் தாளையாவது யாராவது படிப்பார்கள்" என்றாள். கறுப்பர்களுக்கு என்று தனி இடம் கேட்பாயா என்று நான் சீண்டுவதுபோல் கேட்டேன். "எனக்கு எதற்கு? கடைசி வரைக்கும் அது கழுத்தில் தொங்கும். நான் இடம் கேட்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்கச் சொல்கிறேன்" என்றாள். நானும் விண்ணப்பம் போடப்போகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு, போடு, ஏன் போடக் கூடாது என்றாள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டில் தமிழ் நண்பர்கள் கூடினார்கள். நாங்கள் அதற்குள் லவால் புறநகரில் வீடு வாங்கியிருந்தோம். எல்லோரும் பேராசிரியர்கள், டாக்டர்கள், என்ஜினீயர்கள். புளியோதரையும் வாதமும் எங்கள் கூட்டங்களில் தவறாமல் இருக்கும். இந்தக் கதையைச் சொன்னதும் எல்லோரும் என் பக்கம். ஒருவர், ஆட்களை நிறம் பார்த்து எண்ண ஆரம்பித்தால் சான்றிதழ் வரும், சான்றிதழ் வந்தால் பொய்ச் சான்றிதழ் வரும், அப்புறம் அந்தப் பிரிவே கல்லில் செதுக்கினமாதிரி நிற்கும் என்றார். இன்னொருவர், சரி, நம்மை எந்தப் பெட்டியில் போடுவார்கள், கறுப்பா வெள்ளையா என்று கேட்டதும் சிரிப்பு. திறமையால் வந்தவளையும் சலுகையில் வந்தவள் என்றுதானே நாளைக்குப் பேசுவார்கள் என்றார் வேறொருவர். இவை எதுவும் மடத்தனமான பேச்சு அல்ல. இன்றைக்கும் அந்தக் கேள்விகளுக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவர்கூட அந்தப் பெண் எட்டு வருஷமாக ஏன் மாலையிலேயே இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

தேர்வு நடந்தது. எழுத்தில் அவள்தான் முதல். அதில் சந்தேகமே இல்லை, டாக்டரே அந்தத் தாளை மெச்சினார். பழைய முறையாக இருந்திருந்தால் அந்தத் தாளே பிறந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணுக்கு அந்த அளவு மரியாதை உண்டு. சேவைக் காலத்திலும் அவள் என்னைவிட மூத்தவள். ஆனால் மேற்பார்வைப் பதவி என்பதால் பொறுப்பு அனுபவத்துக்குத்தான் கனம் அதிகம். அதில் எனக்கு ஏறக்குறைய முழுசும் கிடைத்தது. அவளுக்கு ஒன்றுமே இல்லை. கூட்டிப் பார்த்தபோது என் எண் மேலே வந்தது. எண்ணுக்குரிய பெயர் இருந்த உறையைப் பிரித்த டாக்டர் என் கையைக் குலுக்கி, பார்த்தாயா, யாருக்கும் தெரியாமல் ஓர் இந்தியப் பெண் வந்துவிட்டாள் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

அவள் தொழிற்சங்கத்தின் மூலம் ஆட்சேபம் எழுப்பினாள். என்மேல் இல்லை, முறையின்மேல். பகல் வேலைக்கு ஆள் எடுத்ததிலேயே நிறம் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பகல்தான் இப்போது மதிப்பெண்ணாக வந்திருக்கிறது என்பது அவள் வாதம். விஷயம் வெளியிலிருந்து வந்த ஒரு நடுவர் முன்னால் போனது. ஆஸ்பத்திரி என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது.

"நீ ஏன் இதுல அனாவசியமா மனசைக் குழப்பிக்கறே? கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பொய் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

"பகல் வேலை எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா?"

"காலியா இருந்துது, குடுத்தாங்க. அதுதானே நடந்தது?"

"நீங்கதானே வழக்கம் அது இதுன்னு..."

"அது சும்மா ஒரு பேச்சு. அதுக்காகவா குடுத்தாங்க? உன் எம்.எஸ்ஸி.க்குக் குடுத்தாங்க."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் காதுக்கு இதமாக இருந்தது.

விசாரணை ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நடந்தது. அவளுக்காகப் பேசியவர் சங்கத்தின் பிரதிநிதி, பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர். ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது. "என் அப்பா ரயில் பட்டறையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தார்" என்று ஆரம்பித்தார். "கீழே எல்லோரும் பிரெஞ்சு, மேஸ்திரிக்கு மேலே எல்லோரும் ஆங்கிலம். கேட்டால், நாங்கள் மொழி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்பார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கிற வரைக்கும் அது உண்மையாகவே இருந்தது. இன்றைக்கு இந்த மாகாணமே எந்தப் பதவியில் எத்தனை பேர் பிரெஞ்சு என்று எண்ணச் சொல்கிறது. அப்படி இங்கேயும் எண்ணுங்கள். மாலையில் இருப்பவர்கள் யார், பகலில் இருப்பவர்கள் யார்?"

டாக்டர் எழுந்தார். மனித உரிமைச் சட்டம் நிறம் பார்க்கக் கூடாது என்கிறது, அதனால் நாங்கள் பார்ப்பதில்லை, பணியாளர்களின் இனத்தை எங்கேயும் எழுதி வைப்பதில்லை, எழுதிவைத்த காலம் எனக்குத் தெரியும், அதற்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றார். அதைக் கேட்டு யாரும் அவரைக் கெட்டவர் என்று நினைத்திருக்க முடியாது. சங்கத்துக்காரர், எழுதாததால்தான் நிரூபிக்க முடியவில்லை, நிரூபிக்க முடியாததால் இல்லை என்கிறீர்கள் என்றார். நடுவர் இரண்டு பேரையும் குறித்துக்கொண்டார்.

பிறகு என்னை உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் தரப்பு என்னிடம் கேட்டது ஒரே விஷயம்தான். நீங்களும் வெள்ளையர் அல்லாதவர், இத்தனை வருஷத்தில் உங்கள் பூர்வீகத்தை வைத்து இங்கே யாராவது உங்களை வேறுமாதிரி நடத்தியது உண்டா? யாருடைய நிறத்தையும் பார்ப்பதில்லை என்று நிரூபிக்க என் நிறத்தைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த வேடிக்கை எனக்கு அங்கேயே புரிந்தது. இல்லை என்றேன்.

சங்கத்துக்காரர் கேட்டார். "நீங்கள் மாலை வேலை பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மாலையில்தான் ஆரம்பிப்பார்கள் என்பது விதி. உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?"

"பகலில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் முடிவு செய்தார்."

"எதை வைத்து?"

மேற்பார்வையாளர் ஸ்காட்லாந்தில் இருந்தார். என் கணவர் வீட்டில் இருந்தார். அந்த நேர்முகத்தில் பேசியதை நேரில் கேட்ட ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். என் சிநேகிதி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எழுத்துத் தேர்வு தொடங்குவதற்கு முன் எனக்கு ஒரு பென்சில் தந்தபோது எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, என்னை இந்தியப் பெண் என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள், அவளைக் கறுப்புப் பெண் என்று பார்த்துத்தான் கொடுக்கவில்லை, இரண்டும் ஒரே பேச்சில் நடந்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வழக்கு வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

"என் படிப்பை வைத்து இருக்கலாம். அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

என் முகம் கொதித்தது. என்னைப் போன்றவர்களுக்கு முகம் சிவந்தால் வெளியே தெரியாது. அதற்காக அன்றைக்கு நன்றியோடு இருந்தேன் என்பதை எழுதவே கை கூசுகிறது.

நடுவரின் முடிவு சில வாரங்களில் வந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பெயர் மறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள், நிறத்தைக் காரணமாக வைத்து யாரும் செயல்பட்டதாகச் சாட்சியம் இல்லை, ஆகவே ஆட்சேபம் தள்ளுபடி. அந்தக் காலத்தில் சட்டம் பொதுவாகக் கெட்ட எண்ணம் இருந்ததா என்றுதான் தேடும். நல்லெண்ணத்தில் பிறந்த அநியாயத்தைத் தேட அதற்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் வேலையை விட்டுவிட்டு டொராண்டோவுக்குக் கிளம்பினாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பகல் வேலை கிடைத்திருந்தது. சாமான் எடுக்க வந்த அன்றைக்கு உடை மாற்றும் அறையில் என்னைப் பார்த்தாள். நான் என்னென்னவோ உளற ஆரம்பித்தேன். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள், பேச்சில் கொஞ்சமும் சூடு இல்லை.

"உன் நிறத்தை யாரும் பார்க்கவில்லை என்றாயே. முதல் நாளே பார்த்தார்கள். பார்த்து, உன்னிடம் அன்பாக இருந்தார்கள். அந்த அம்மாளே என்னிடம் சொன்னாள், பாவம், அவர்கள் வழக்கம் அப்படி, நீ கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று. எனக்கும் உன்மேல் பாவமாகத்தான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன். நான் சொன்னால் காதில் விழுந்த பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். அதை ஒரு தடவை வாய்விட்டு நீ சொல்லியிருக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைத் தேற்றவில்லை. மகளுக்கு டொராண்டோ பிடிக்குமா என்று கவலையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு நான் அட்டை அனுப்பினேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை.

மேற்பார்வையாளராக நான் செய்த முதல் காரியம் விதியை மாற்றியது. மாலையில் தனியாக இருப்பவரும் பொறுப்பில் இருப்பவர்தான் என்று எழுதினேன். பகலும் மாலையும் எல்லோருக்கும் முறை வைத்து மாறி மாறி வரும், யாருக்கும் எந்த வழக்கத்துக்காகவும் விலக்கு இல்லை என்று எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் பேனாவை வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஹெயிட்டிக்காரப் பெண் ஒருத்தி, ஜமைக்காக்காரி ஒருத்தி, சீனத்துப் பையன் ஒருவன், யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்த வார்த்தை யாரைக் கீழே தள்ளும் என்று நிறம் நிறமாகப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த விதியில் நிறம் என்ற பேச்சே வராதபடி எழுதினேன். எனக்கும் மாலை முறை வந்தது. என் கணவர் காரில் வந்து கூட்டிப் போனார், வழக்கம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

டாக்டர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அந்த விதியைப் பற்றிப் பணியாளர் கூட்டத்தில் பேசினார். ஆயுசு முழுக்க நான் கேட்டது இதைத்தான் என்றார். எந்தக் கட்டமும் இல்லை, யாருடைய நிறத்தையும் இனத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பெண் எழுதிய விதி, எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஹெயிட்டிக்காரப் பெண்ணும் தட்டினாள். இல்லை டாக்டர், பார்த்துத்தான் எழுதினேன், பார்க்காமல் இருந்ததால்தான் ஒருத்தி போய்விட்டாள் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் எழுந்து நின்று, நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.